பிளானில் இருக்கும் தோட்டம் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுத் தோட்டத்துக்கு வரைந்த பிளானைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதை எங்கே, செடி எங்கே, உட்காரும் இடம் எங்கே என்பதெல்லாம் தெரியும். வராந்தாப் படியிறங்கி நின்றால் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது மட்டும் தெரியாது. பிளான் என்பது நேர் மேலிருந்து பார்த்த படம். அதில் உயரமே கிடையாது. ஒரு அடி வளரும் மழைலில்லியும் ஒரு வட்டம், இருபத்தைந்து அடிக் கமுகும் ஒரு வட்டம். தரையில் நிற்பவருக்குக் கிடைப்பது இதற்கு நேர்மாறான காட்சி. பிளானில் தாளை அடைத்துக்கொண்டிருந்த தரை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும். மீதி இடம் முழுவதையும் உயரங்கள் பிடித்துக்கொள்ளும்.

இந்த மாற்றத்தை ஒரு பென்சில், ஸ்கேல், ஏ4 தாள், கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் இவற்றை வைத்தே போட்டுப் பார்க்கலாம். கணினியில் முப்பரிமாணப் படம் செய்பவர்களும் ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினி காட்டும் படம் ஏன் அப்படி இருக்கிறது, அதில் எதை நம்பலாம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வடக்குப் பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வராந்தாப் படிக்கு முன்னால் 20 அடி முற்றம். அதைத் தாண்டித் தோட்டம்: அகலம் 20 அடி, ஆழம் 30 அடி. ஒன்றேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். இடது பக்கம், அதாவது மேற்கே, 5 அடி மதில். தோட்டத்தின் கடைசியிலும் அதே 5 அடி மதில். வலது பக்கம் வண்டி வரும் வழி. பிளான்படி 4 அடி அகலப் பாதை முற்றத்தின் ஓரத்தில் வலப்பக்கமாகத் தொடங்கி, 10 அடி நேராகப் போய், அங்கிருந்து இடப்பக்கம் வளைந்து, 20 அடி ஆழத்தில் ஒரு கருங்கல் பெஞ்சின் முன்னால் முடிகிறது. வளைவின் உள்பக்கத்தில் இரண்டரை அடித் தெற்றிச் செடிகள் ஒரு வரிசை. பார்ப்பவர் படிக்குக் கீழே முற்றத்தில் நிற்கிறார். அவருடைய கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது.

முதலில் தரை

பிளான் மேல் 5 அடிக்கு ஒன்றாகக் கட்டம் போடுங்கள். குறுக்கே நான்கு, ஆழத்தில் ஆறு. இனி இந்தக் கட்டத்தைக் காட்சிப்படத்துக்கு மாற்ற வேண்டும்.

தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, அடிப்பக்கத்தில் 20 செ.மீ. நீளக் கோடு ஒன்று வரையுங்கள். இதுதான் தோட்டத்தின் முன் விளிம்பு. இந்தக் கோட்டில் மட்டும் ஒரு அடிக்கு ஒரு செ.மீ. என்று அளவு. அதற்கு 5 செ.மீ. மேலே இன்னொரு கிடைக்கோடு. அது கண்மட்டக் கோடு. பார்ப்பவர் தோட்டத்தின் நடுவுக்கு நேராக நிற்பதால் கண்மட்டக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது மறைபுள்ளி. முன்விளிம்பில் 0, 5, 10, 15, 20 செ.மீ. இடங்களிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடுகள் இழுத்தால், பிளானில் ஆழமாக ஓடிய கட்டக் கோடுகள் வந்துவிட்டன.

குறுக்குக் கோடுகள் எங்கெங்கே வரும் என்பதில்தான் ஆரம்பிப்பவர்கள் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஊகம் தேவையில்லை. பார்ப்பவருக்கும் முன்விளிம்புக்கும் இடையே 20 அடி. விளிம்பைத் தாண்டி உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் எவ்வளவு சுருங்கும் என்பதை ஒரே வகுத்தல் சொல்லிவிடும்:

```
சுருக்கம் = 20 ÷ (20 + உள்ளே உள்ள தூரம்)
```

10 அடி உள்ளே என்றால் 20 ÷ 30, அதாவது மூன்றில் இரண்டு. 20 அடி உள்ளே என்றால் சரியாகப் பாதி. 5 செ.மீ. கண் உயரத்தை இதால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் உள்ள தரை கண்மட்டக் கோட்டுக்கு எவ்வளவு கீழே வரும் என்பது கிடைக்கும். நம் தோட்டத்துக்கு அது இப்படி:

| விளிம்பிலிருந்து உள்ளே | கண்மட்டத்துக்குக் கீழே | தோட்டத்தின் அகலம் படத்தில் |
|---|---|---|
| 0 அடி | 5 செ.மீ. | 20 செ.மீ. |
| 5 அடி | 4 செ.மீ. | 16 செ.மீ. |
| 10 அடி | 3.3 செ.மீ. | 13.3 செ.மீ. |
| 15 அடி | 2.9 செ.மீ. | 11.4 செ.மீ. |
| 20 அடி | 2.5 செ.மீ. | 10 செ.மீ. |
| 25 அடி | 2.2 செ.மீ. | 8.9 செ.மீ. |
| 30 அடி | 2 செ.மீ. | 8 செ.மீ. |

கட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முன் இடது மூலையிலிருந்து கட்டங்களின் மூலைவிட்டமாகப் போங்கள்: முதல் வரிசையில் முதல் கட்டம், இரண்டாம் வரிசையில் இரண்டாம் கட்டம் என்று. பிளானில் அது ஒரே நேர்கோடு. காட்சிப்படத்திலும் அந்த மூலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். ஏதாவது ஒரு மூலை விலகினால் அந்தக் குறுக்குக் கோடு தப்பு.

அந்த அட்டவணையில் நின்று கவனிக்க வேண்டிய விஷயம், 30 அடி ஆழத் தரை முழுவதும் தாளில் வெறும் 3 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிட்டது என்பது. அதிலும் முதல் 10 அடி 1.7 செ.மீ. அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. கடைசிப் 10 அடிக்கு அரை செ.மீ.தான். பிளானில் இரண்டும் ஒரே அளவு இடம்.

பாதை

பாதையின் ஓரங்களைக் கட்டத்தின் உதவியால் புள்ளி புள்ளியாக மாற்றலாம். முன்விளிம்பில் இடமிருந்து 11 அடியிலும் 15 அடியிலும் பாதையின் இரு ஓரங்கள். படத்தில் 11, 15 செ.மீ. இடங்கள். 10 அடி உள்ளே வரும்போது இவை சுருங்கி 10.7 செ.மீ., 13.3 செ.மீ. என்று ஆகும். 20 அடி உள்ளே, பாதை இடப்பக்கம் நகர்ந்து 5 அடிக்கும் 9 அடிக்கும் இடையே இருக்கிறது. படத்தில் அது 7.5 செ.மீ.க்கும் 9.5 செ.மீ.க்கும் இடையே. நான்கு அடிப் பாதை அங்கே 2 செ.மீ. அகலம்.

இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் பிளானில் நிதானமாக வளைந்த பாதை, காட்சியில் திடீரென்று படுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். 10 அடியிலிருந்து 20 அடிக்குப் போகும்போது அது மூன்று, நான்கு செ.மீ. இடப்பக்கம் நகர்கிறது. மேலே ஏறுவதோ ஒரு செ.மீ. கூட இல்லை. பிளான் தாளில் நெளிநெளியாகப் பாதை போடுபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். முப்பது அடிக்குள் மூன்று வளைவு போட்டால், நின்று பார்ப்பவருக்கு அது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கிடைக்கோடுகளாகத்தான் தெரியும். இந்த அளவுத் தோட்டத்துக்கு ஒரு வளைவு போதும்.

பாதையின் கல்லைக் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். 2 அடிக்கு 2 அடி கருங்கல் பலகைகள் பாவுவதாக வைத்துக்கொண்டால், முதல் கல் படத்தில் 2 செ.மீ. அகலமும் அரை செ.மீ.க்கும் குறைவான ஆழமும் கொண்டது. 20 அடி உள்ளே இருக்கும் கல்லின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எல்லா இணைப்புக் கோட்டையும் வரைந்தால் பாதையின் பின்பாதி கறுத்துப் போகும். முதல் 10 அடிக்கு இணைப்புகளைத் தெளிவாகக் காட்டி, அதற்கப்புறம் ஓரக் கோடுகளோடு விட்டுவிடுங்கள்.

உயரம் எடுக்கும் விதி

தரை முடிந்தது, இனிச் செடிகள். இங்கே ஒரே ஒரு விதி போதும். சமதளத்தில் எங்கே நிற்கும் பொருளானாலும், அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து கண்மட்டக் கோடு வரை உள்ள உயரம் எப்போதும் 5 அடிதான். முன்னால் இருந்தால் அந்த 5 அடி 5 செ.மீ., கடைசியில் இருந்தால் 2 செ.மீ. ஆனால் 5 அடி என்பது மாறாது.

ஆகவே இரண்டரை அடிச் செடி எங்கே நட்டாலும் அதன் உச்சி தரைக்கும் கண்மட்டத்துக்கும் சரியாக நடுவில் வரும். 5 அடிச் செடி கண்மட்டத்தைத் தொடும். 10 அடி மரம் என்றால் தரையிலிருந்து கண்மட்டம் வரை உள்ள தூரத்தை ஒருமுறை அளந்து, அதே அளவு மேலே இன்னொரு முறை வைக்க வேண்டும். பார்ப்பவரின் உயரமுள்ள ஆட்களைத் தோட்டத்தில் எங்கே நிறுத்தினாலும் அவர்கள் கண் எல்லாம் அந்தக் கோட்டிலேயே இருக்கும். இணையத்தில் பார்க்கும் பல தோட்டப் படங்களில் ஒட்டவைத்த மனிதர்கள் மிதப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம், இந்த விதியைப் பார்க்காமல் கால் எங்கேயோ தலை எங்கேயோ வைத்துவிடுவதுதான்.

இப்போது வளைவின் உள்பக்கம் உள்ள தெற்றி வரிசைக்கு வருவோம். அது விளிம்பிலிருந்து 8 அடி உள்ளே இருக்கிறது. பார்ப்பவருக்கும் அதற்கும் 28 அடி. அந்த இடத்தில் தரை கண்மட்டத்துக்கு 3.6 செ.மீ. கீழே. செடியின் உயரம் கண் உயரத்தில் பாதி, ஆகவே அதன் உச்சி கண்மட்டத்துக்கு 1.8 செ.மீ. கீழே வந்துவிடும். அட்டவணையைப் பாருங்கள்: தோட்டத்தின் கடைசித் தரையே கண்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழேதான் இருக்கிறது. அதாவது, தொடை உயரம் வரும் ஒரு செடி வரிசை, தனக்குப் பின்னால் மதில் வரைக்கும் உள்ள தரை முழுவதையும் மறைத்துவிடுகிறது. பாதையின் வளைவு போச்சு. பெஞ்சின் கால்களும் போச்சு.

இதை வரையாமலே சொல்ல முடியும். கண் உயரத்தில் பாதி உயரமுள்ள செடி, பார்ப்பவரிடமிருந்து அது எவ்வளவு தூரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வரை தரையை மறைக்கும். 28 அடியில் நிற்கும் செடி 56 அடி வரை. நம் மதிலோ 50 அடியில். பிளானில் ஒன்றும் உறுத்தாத வரிசை இது. செலவு செய்து பாதை போட்டு, அதைக் காட்டாமல் மூடிவிடும்.

தெற்றிக்குப் பதிலாக ஒரு அடி மழைலில்லி வைத்தால்? ஒரு அடி என்பது கண் உயரத்தில் ஐந்தில் ஒன்று. கணக்குப்படி 35 அடி வரைதான் மறைக்கும், அதாவது விளிம்பிலிருந்து 15 அடி வரை. வளைவின் முன்பாதி லில்லி இலைகளுக்குப் பின்னால் போகும், பின்பாதி வெளியே வந்து பெஞ்சில் சேரும். இது நல்லது. பாதை ஒரு இடத்தில் மறைந்து மறுபடி தெரியும்போதுதான் அதற்குப் பின்னால் இன்னும் இடம் இருக்கிறது என்று கண் உணர்கிறது. தெற்றியைத் தள்ளிவிட வேண்டாம், பாதையின் வலப்பக்கத்துக்கு மாற்றலாம். அங்கே அது எதையும் மறைக்காது, வண்டி வழியையும் கொஞ்சம் தடுக்கும்.

அடுக்கு என்பது கண்மட்டத்தை வைத்துத்தான்

அடுக்கு நடவு என்றால் முன்னால் குட்டை, பின்னால் நெட்டை என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குட்டை, எவ்வளவு நெட்டை என்பதில்தான் தவறு நடக்கிறது. 10 அடி உள்ளே 4 அடிச் செடி, 20 அடியில் 5 அடிச் செடி, 27 அடியில் 6 அடிச் செடி என்று ஒருவர் படிப்படியாக ஏற்றி நட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் குறிப்பு எழுதினால் அழகான மூன்று அடுக்கு. படத்தில் போட்டுப் பார்த்தால் முதல் உச்சி கண்மட்டத்துக்கு 0.7 செ.மீ. கீழே, இரண்டாவது கண்மட்டத்திலேயே, மூன்றாவது அரை செ.மீ. கூட மேலே இல்லை. மூன்றும் ஒரே பச்சைப் பட்டையாக ஒட்டிக்கொள்ளும்.

அதனால் அடுக்குகளைக் கண்மட்டத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம் வராது. ஒரு அடுக்கு கண்மட்டத்துக்கு நன்றாகக் கீழே, ஒன்று அதற்குச் சற்றுக் கீழே, ஒன்று அதைத் தாண்டி மேலே. நம் தோட்டத்தில் முன்னால் ஒரு அடி மழைலில்லி. நடுவில் இடப்பக்கம் மூன்றரை நான்கு அடிக்கு ஹெலிகோனியாவும் பெரணியும், வலப்பக்கம் தெற்றி. மதிலை ஒட்டி 8 அடிச் செம்பருத்தி, அவற்றுக்கு நடுவே மூன்று கமுகு. 27 அடி உள்ளே நிற்கும் 8 அடிச் செம்பருத்தி கண்மட்டத்துக்கு மேலே 1.3 செ.மீ. வரும், 25 அடிக் கமுகு அதே இடத்தில் தரையிலிருந்து பத்தரை செ.மீ. உயரத்துக்கு எழும்பும். இப்போது மூன்று உச்சிக் கோடுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. கமுகுகளை ஒரே இடைவெளியில் நடாமல் இரண்டை நெருக்கி ஒன்றைத் தள்ளி வையுங்கள்.

மதில் தனியாக ஒரு தொல்லை தருகிறது. 5 அடி மதில், 5 அடிக் கண். பின் மதிலின் உச்சி கண்மட்டக் கோட்டில் விழுகிறது, இடது மதிலின் உச்சியும் முன்னிருந்து பின் வரை அதே கோட்டில் விழுகிறது. வேறு உயரமாக இருந்தால் பக்க மதிலின் உச்சி மறைபுள்ளியை நோக்கிச் சரிந்து ஆழத்தைக் காட்டும். இங்கே சரிவே இல்லை. படத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு நேர்கோடுதான் மிச்சம். பலரும் இதைப் பார்த்துத் தாங்கள் தப்பாக வரைந்துவிட்டதாக நினைத்துக் கோட்டைச் சாய்த்துவிடுவார்கள். கோடு சரிதான். தோட்டம்தான் அப்படி இருக்கப் போகிறது. மதிலின் உச்சி தொடர்ச்சியாகத் தெரியாதபடி செடிகள் மூன்று நான்கு இடங்களில் அதைத் தாண்டி எழ வேண்டும் என்பதே அந்தக் கோடு சொல்லும் செய்தி. செம்பருத்தியை 8 அடிக்கு விட்டதும், இடது மதிலோரம் 12 அடி உள்ளே ஒரு செண்பகம் வைத்ததும் அதற்காகத்தான்.

செடியை எந்த வயதில் வரைவது என்ற கேள்வியும் உண்டு. நட்ட மூன்றாம் ஆண்டின் உயரத்தை வரைவதே நேர்மை என்று நினைக்கிறேன். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் செடி சீக்கிரம் வளரும், ஆனாலும் நட்ட மறுமாதமே படத்தில் உள்ளபடி இருக்காது. முழு வளர்ச்சியைக் காட்டினால் வீட்டுக்காரர் பல வருஷம் ஏமாற்றத்தோடு காத்திருப்பார். நம் கமுகின் 25 அடியும் மூன்றாம் ஆண்டில் வராது, அதைக் குறைத்தே போட வேண்டும். ஊரையும் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். அங்கே ஹெலிகோனியாவின் அகல இலைகள் கிழிந்து தொங்கும். படத்தில் மட்டும் அதை வாட்டசாட்டமாக நிறுத்துவதில் பயனில்லை.

பெஞ்சும் வெயிலும்

பெஞ்ச் 22 அடி உள்ளே இருக்கிறது. 6 அடி நீளம், உட்காரும் உயரம் ஒன்றரை அடி, இரண்டு கருங்கல் தாங்கிகள் மேல் ஒரு பலகை. படத்தில் 2.9 செ.மீ. நீளம், 0.7 செ.மீ. உயரம். இவ்வளவு சின்னதா என்று தோன்றும். கையால் வரைபவர்கள் அதை இயல்பாகவே இரண்டு மடங்கு பெரிதாக்கிவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் முக்கியம் என்று மனசு சொல்லும். பெரிதாக்கினால் தோட்டம் சுருங்கிவிடும். அளவை மாற்றாமல் அதைக் கவனிக்க வைப்பது எப்படி என்றால், பின்னால் இருண்ட செம்பருத்தி இலைகளை வைத்து, பெஞ்சின் மேற்பரப்பைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுவதுதான். செண்பகத்தின் கிளைகள் 5 அடிக்கு மேல் தொடங்கினால் இலைப்பரப்பின் அடிப்பாகம் கண்மட்டத்தில் வந்து, பெஞ்சுக்கு மேலே ஒரு கூரைபோல நிற்கும்.

அப்புறம் நிழல். நடுப்பகலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏறக்குறைய 8 பாகை அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஜூன் மாதத்திலோ வடக்கே சாய்ந்திருக்கும். உச்சி வெயிலில் நிழல் செடியின் காலடியிலேயே ஒடுங்கிவிடுவதால் படம் தட்டையாகிவிடும். மாலை 4 மணி நல்ல நேரம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் அந்நேரம் நம் ஊரில் நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. திசை கிட்டத்தட்ட நேர் கிழக்கு. நாம் வடக்கே பார்த்து நிற்பதால் கிழக்கு என்பது வலது கை. ஆகவே எல்லா நிழலும் படத்தில் கிடைக்கோடாக வலப்பக்கம் ஓடும். ஆரம்பிப்பவருக்கு இதைவிட எளிய நிழல் கிடைக்காது. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே இருப்பதால் நிழல் சாய்வாகப் பின்னோக்கிப் போகும், அப்போது இந்த எளிமை இருக்காது.

முதலில் மேற்கு மதிலின் நிழலைப் போடுங்கள். 5 அடி மதிலுக்கு ஏழரை அடி. முன்விளிம்பில் 7.5 செ.மீ. இடத்திலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால் அதன் இடப்பக்கத் தரை எல்லாம் நிழல். செண்பகம் 12 அடி என்றால் அதன் நிழல் 18 அடி. தண்டின் நிழல் மதில் நிழலுக்குள் தொடங்கி, இலைப்பகுதியின் நிழல் பாதையின் குறுக்கே விழும். 8 அடி அகல இலைப்பரப்பின் நிழலுக்குத் தரையில் முக்கால் செ.மீ. உயரம்தான் கிடைக்கும் என்பதால் அது உருண்டையாக இல்லாமல் நீண்ட பட்டையாக இருக்க வேண்டும். உருண்டையாகப் போட்டால் தரை எழுந்து நிற்பதுபோலத் தெரியும். இதில் பிழை இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நிழலைப் போட்டதும் பெஞ்சைப் பற்றி ஒரு உண்மை வெளியே வருகிறது. மாலை 4 மணிக்கு மதிலின் நிழல் பெஞ்சின் இடது ஓரத்தை மட்டும் தொடுகிறது, மீதிக் கல் மேல் மேற்கு வெயில் நேராக விழுகிறது. மாலையில் உட்காரவென்று போட்ட இடம், கல் சுட்டுக்கொண்டிருக்கும். பெஞ்சுக்கு மேல் பந்தல் போடலாம் என்று உடனே தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 8 அடி உயரப் பந்தலின் நிழல் அந்நேரம் 12 அடி கிழக்கே தள்ளிப் போய் வண்டி வழியருகே விழும். பெஞ்சுக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பதிலாகப் பெஞ்சின் மேற்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, 7 அடி உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு கம்பித் தட்டி நிறுத்திப் பிச்சிக்கொடியை ஏற்றிவிட்டால், அதன் நிழல் பத்தரை அடிக்கு ஓடிப் பெஞ்சை முழுவதும் மூடும். மேற்கு வெயில் கொடிக்கும் நல்லது.

இரண்டாவது கண்

வீட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பெரும்பாலும் பார்ப்பது முற்றத்தில் நின்று அல்ல, வராந்தாவில் நின்று. மழைக்காக இங்கே தரைமட்டத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம். வராந்தா 2 அடி உயரம் என்றால் கண் 7 அடிக்குப் போய்விடும். கண்மட்டக் கோட்டை 7 செ.மீ. உயரத்தில் போட்டு அதே கட்டத்தை இன்னொரு தாளில் வரையுங்கள். சுருக்கம் மாறாது, உயரம் மட்டும் மாறும். 3 செ.மீ.க்குள் கிடந்த தரை 4.2 செ.மீ.க்கு விரியும். மதிலின் உச்சி கண்மட்டத்தை விட்டு இறங்கி, பக்க மதில் ஆழத்தைக் காட்டத் தொடங்கும். லில்லிக்குப் பின்னால் பாதையின் வளைவு ஏறக்குறைய முழுவதும் தெரியும். பழைய இரண்டரை அடித் தெற்றி அங்கேயே இருந்திருந்தால், வராந்தாவிலிருந்து பார்த்தாலும் பெஞ்சின் அடிவரை மறைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பார்ப்பவரைத் தோட்டத்துக்கு 10 அடி நெருக்கமாக நிறுத்தி வரைந்தால் பின் மதிலின் அகலம் 8 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்குக் குறைந்து, முன்னால் உள்ளவை ஊதிப்போய், தோட்டம் உண்மையில் இருப்பதைவிட மிக நீளமாகத் தெரியும். கணினிப் படங்களில் பார்வைக் கோணத்தை அகலமாக்கும்போது நடப்பதும் இதுவே. நம் படத்தில் கோணம் 53 பாகை. 60ஐத் தாண்ட விடாதீர்கள். இடம் பெரிதாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் மகிழ்ந்தாலும், அந்தப் படத்தை நம்பிச் செடி வாங்கினால் கடைசியில் நட இடம் இருக்காது.

படம் முடிந்ததும் பிளானை மறுபடி எடுத்துத் திருத்த வேண்டும். வளைவின் உள்பக்கம் தெற்றி அடித்து மழைலில்லி, தெற்றி பாதையின் வலப்பக்கத்துக்கு, பெஞ்சின் மேற்கே 7 அடித் தட்டிக்கு இரண்டு குழி, பந்தல் இருந்தால் நீக்கம். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் மூன்றாம் ஆண்டு உயரத்தை அடியில் எழுதிவிடுங்கள். நர்சரிக்குப் போகிறவரும், கவாத்து செய்ய வருகிறவரும் பார்க்க வேண்டிய எண் அதுதான்.